எந்தப் படியைக் கடைசியாக மறைப்பது?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 கணிதத்தில் பிள்ளைகளைத் திணறவைக்கும் ஒரு வகைக் கணக்கு இப்படி இருக்கும்.

மாலாவிடமும் வெய் லிங்கிடமும் இருந்த ஸ்டிக்கர்களின் விகிதம் 5 : 1. மாலா 18 ஸ்டிக்கர்களை வெய் லிங்குக்குக் கொடுத்தாள். இப்போது விகிதம் 7 : 5. மாலாவிடம் முதலில் எத்தனை ஸ்டிக்கர்கள் இருந்தன?

வகுப்பில் ஆசிரியர் இதே மாதிரி ஒன்றைப் போட்டுக் காட்டும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு இதைக் கொடுத்துத் தாங்களாகப் போடச் சொன்னால் நோட்டில் வருவது வேறு. 7 கழித்தல் 5, 2 யூனிட். 2 யூனிட் 18 என்றால் ஒரு யூனிட் 9. மாலாவிடம் 5 யூனிட், 45. விடை முழு எண்ணாக அழகாக வந்துவிட்டதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. மாலா கொடுத்தவள் ஆயிற்றே, அவளுடைய யூனிட் 5-லிருந்து 7 ஆக ஏறியது எப்படி என்று கேட்டால்தான் விழிக்கும். முதல் விகிதத்தின் யூனிட்டும் இரண்டாவது விகிதத்தின் யூனிட்டும் ஒரே அளவு இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை. போட்டுக் காட்டியபோது அந்தப் படி கண்முன்னேதான் இருந்தது. ஆனால் அந்தப் படியைச் செய்யும் வேலை பிள்ளைக்கு வரவே இல்லை.

முழுத் தீர்வைப் பார்ப்பதற்கும் வெறும் கேள்வியோடு தனியாக உட்காருவதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை அடைக்கத்தான் மறையும் தீர்வு அட்டைகள். முதல் அட்டையில் எல்லாப் படிகளும் இருக்கும். அடுத்த அட்டையில் ஒரு படி காலி. அதற்கடுத்ததில் இரண்டு. கடைசி அட்டையில் கேள்வி மட்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அட்டைகளை எழுத உட்கார்ந்தால்தான் எந்தப் படியை எப்போது மறைப்பது, எந்த எண்களைப் போடுவது என்ற கேள்விகள் வரும். அட்டைகள் பயன்படுவதும் வீணாவதும் அங்கேதான் முடிவாகிறது.

முதலில் ஆய்வுகள் சொல்வதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1985-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதத்தில் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாக் கணக்கையும் தாங்களே போட்டுப் பழகியவர்களைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்துப் பழகியவர்கள் அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் குறைந்த தவறுகளோடும் போட்டார்கள். புதிதாகக் கற்கும் ஒருவர் வெறும் கேள்வியோடு மல்லுக்கட்டும்போது, விடையை எப்படியாவது எட்டிப்பிடிக்கும் தேடலிலேயே மனம் முழுக்கச் செலவாகிவிடுகிறது. முறையைக் கவனிக்க இடமில்லை என்பது அவர்களுடைய விளக்கம். சரி, தீர்த்த கணக்கிலிருந்து தனியாகப் போடும் நிலைக்கு எப்படிக் கடப்பது? ஜெர்மனியின் அலெக்சாண்டர் ரெங்கலும் அமெரிக்காவின் ராபர்ட் அட்கின்சனும் மற்றவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் படிகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தார்கள். முழுத் தீர்வு ஒன்று, முழுக் கேள்வி ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதைவிட இது நன்றாக வேலை செய்தது. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி மறைப்பது, முதல் படியிலிருந்து மறைப்பதைவிடச் சாதகமாகத் தெரிந்தது.

2004-இல் ரெங்கலும் அட்கின்சனும் கொர்னேலியா குரோசேயும் இதை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தபோது ஒன்று வெளிப்பட்டது. பின்னாலிருந்து மறைக்கிறோமா முன்னாலிருந்தா என்பது அவ்வளவு முக்கியமில்லை. எந்தப் படி மறைக்கப்பட்டதோ, அந்தப் படிக்குரிய கருத்தையே மாணவர்கள் அதிகம் கற்றார்கள். அட்டை எழுதும் எவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்று பார்க்க மாலாவின் கணக்கைப் படி படியாக எழுதிவிடுவோம்.

படி 1. என்ன மாறவில்லை? ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்கிறார், வெளியே எதுவும் போகவில்லை. எனவே மொத்தம் மாறவில்லை.
படி 2. மொத்த யூனிட்டுகளைச் சமமாக்கு. முன்பு 5 + 1 = 6, பின்பு 7 + 5 = 12. முதல் விகிதத்தை இரண்டால் பெருக்கினால் 10 : 2. இரண்டாவது அப்படியே 7 : 5.
படி 3. மாலாவிடம் நடந்த மாற்றம் 10 − 7 = 3 யூனிட். அது 18 ஸ்டிக்கர்கள்.
படி 4. ஒரு யூனிட் 18 ÷ 3 = 6.
படி 5. முதலில் மாலாவிடம் 10 யூனிட், 10 × 6 = 60.

சரிபார்ப்பு: 60 − 18 = 42, 12 + 18 = 30. 42 : 30 என்பது 7 : 5.

இதில் படி 4-ம் 5-ம் வெறும் வகுத்தலும் பெருக்கலும். பிஎஸ்எல்இ கணிதத்தின் இரண்டாம் தாளில் கால்குலேட்டருக்கே அனுமதி உண்டு, அந்த இரண்டையும் அது செய்துவிடும். ஆனால் படி 1-ஐ எந்தக் கால்குலேட்டரும் செய்யாது. இப்போது வழக்கமான முறையில் பின்னோக்கி மறைத்துப் பாருங்கள். இரண்டாம் அட்டையில் படி 5 காலி. மூன்றாவதில் 4-ம் 5-ம். இப்படியே போனால் ஆறாவது அட்டையில்தான் படி 1 மறைகிறது. ஆறு அட்டை முடிந்தபோது பிள்ளை கடைசிப் பெருக்கலை ஐந்து தடவை செய்திருக்கும். என்ன மாறவில்லை என்று தானாக யோசித்தது ஒரே ஒரு தடவை. 2004 ஆய்வு சொல்வது சரியென்றால், எளிய படிக்குப் பயிற்சியைக் கொட்டிவிட்டுக் கடினமான படிக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கிறோம்.

அப்படியானால் படி 1-ஐயே முதலில் மறைத்துவிடலாமே என்று தோன்றும். அதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. படி 1 காலியாகவும் படி 2 தெரிகிற மாதிரியும் இருந்தால், கீழே 5 + 1, 7 + 5 என்று கூட்டியிருப்பதைப் பார்த்ததுமே மொத்தம்தான் மாறவில்லை என்று பிள்ளை எழுதிவிடும். யோசிக்கவில்லை, அடுத்த வரியிலிருந்து எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பின்னோக்கி மறைத்தால் இந்தக் கசிவு கிடையாது, காலியான படிக்குக் கீழே எதுவும் இருக்காது. எனவே பின்னோக்கிய வரிசையையே வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் அட்டைகளைக் கூட்ட வேண்டும். படி 5-க்கும் 4-க்கும் ஒவ்வோர் அட்டை போதும். படி 1 மறையும் இடத்தில் ஐந்தாறு அட்டைகளாவது வேண்டும்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் அட்டை எழுதுபவரின் நேரம் போகும், போகத்தான் வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் கதையும் எண்களும் புதிதாக இருக்க வேண்டும். அதே மாலா, அதே 18 என்றால் பிள்ளை முந்தைய அட்டையைப் பார்த்து எழுதிவிடும். 3 : 1 என்பது 5 : 3 ஆக மாறும் கணக்கைப் போட்டால், யூனிட்டைச் சமமாக்கியபின் 6 : 2, 5 : 3 என்று மாற்றம் ஒரே யூனிட்டாக வந்துவிடும். அப்போது படி 4-க்கு வேலையே இல்லை. ஆரம்ப அட்டைகளில் அப்படிப்பட்ட எண்களைத் தவிர்க்க வேண்டும்.

என் இரண்டாம் அட்டையில் இரண்டு டப்பாக்களில் முறுக்கு, விகிதம் 3 : 2. முதல் டப்பாவிலிருந்து 24 முறுக்கை இரண்டாவதுக்கு மாற்றியபின் 3 : 7. யூனிட்டுகள் 6 : 4, 3 : 7. மாற்றம் 3 யூனிட், ஒரு யூனிட் 8. இதில் படி 5 மட்டும் காலி. ஆனால் கேட்பது முதல் டப்பாவில் முதலில் எவ்வளவு என்று அல்ல, இரண்டாவது டப்பாவில் இப்போது எவ்வளவு என்று. விடை 7 × 8 = 56. முதல் அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றிய பிள்ளை 6 × 8 = 48 என்று எழுதும். கேள்வியைப் படித்ததா இல்லையா என்பது அந்த ஒரு காலியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் அட்டையில் படி 4-ம் 5-ம் காலி. விகிதம் 3 : 1, 28 வெள்ளி கைமாறியபின் 5 : 7. மொத்தம் 4, 12; எனவே முதல் விகிதத்தை மூன்றால் பெருக்கி 9 : 3. மாற்றம் 4 யூனிட், ஒரு யூனிட் 7. முதல் இரண்டு அட்டைகளிலும் இரண்டால் பெருக்கியதால், எப்போதும் இரண்டால்தான் பெருக்குவது என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். அதைக் கலைக்கத்தான் இந்த மூன்று. நான்காவதில் இரண்டு விகிதங்களையுமே பெருக்க வேண்டிய கணக்கு வர வேண்டும். ஐந்தாம் அட்டையில் படி 2-ஐ மறைக்கும்போது, அப்படியும் ஒரு வகை உண்டு என்பதைப் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும் அல்லவா.

அந்த நான்காம் அட்டை: அக்காவிடமும் தம்பியிடமும் இருந்த பணத்தின் விகிதம் 5 : 1. அக்கா தம்பிக்கு 42 வெள்ளி கொடுத்தபின் 1 : 3. மொத்தம் 6, 4. இரண்டையும் 12 ஆக்கினால் 10 : 2, 3 : 9. இது வரை அட்டையில் இருக்கிறது, 3, 4, 5 காலி. வகுப்பில் ஒரு மாணவி படி 3-இல் 9 − 3 = 6 யூனிட் என்று எழுதினாள். 42 ÷ 6 = 7, அக்காவிடம் முதலில் 70. எல்லாம் முழு எண், ஒரு தயக்கமும் இல்லை.

"இந்த 9 யாரோடது?" என்று கேட்டேன்.

"தம்பியோடது, டீச்சர்."

"3?"

"அக்காவோடது."

"அக்கா எவ்வளவு குடுத்தாங்கன்னு பார்க்க, அக்காவோட எந்த ரெண்டு நம்பர் வேணும்மா?"

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். அப்புறம் 10-ஐயும் 3-ஐயும் வட்டமிட்டு, "ஏழு யூனிட்டா?" என்றாள். 42 ÷ 7 = 6, விடை 60.

மூன்று அட்டைகளில் படி 3 அவள் கண்முன்னே தெளிவாக எழுதியிருந்தது. அது ஒரே ஆளின் முன்னும் பின்னும் என்பது அவளாக அதைச் செய்த அன்றுதான் பிடிபட்டது. இந்த இடத்தில் நாம் முழுத் தீர்வையும் திரும்ப விளக்கத் தொடங்கினால் அட்டையால் கிடைக்க வேண்டியது கைவிட்டுப் போகும். சிக்கிய படியை மட்டும் தொட்டுவிட்டு, அதே நிலையில் வேறு எண்களோடு இன்னோர் அட்டை கொடுப்பதுதான் சரி. அதிலும் அதே படியில் சிக்கினால் ஒரு நிலை பின்னால் போகலாம். முதல் அட்டைக்கே திருப்பி அனுப்புவது வீண்.

தெரியும் படிகளைப் பிள்ளை உண்மையாகவே படிக்கிறதா என்பது தனிக் கவலை. காலியைத் தேடி நேராக அங்கே போய், மேலே உள்ள வரியிலிருந்து இரண்டு எண்ணை எடுத்து வகுத்துவிட்டு அட்டையைத் தள்ளிவிடும் பிள்ளைகள் உண்டு. 2003-இல் அட்கின்சன், ரெங்கல், மெரில் மூவரும் வெளியிட்ட ஆய்வில், படிகளை மறைப்பதோடு, ஒவ்வொரு படியும் எந்த விதியை ஒட்டியது என்று மாணவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பலன் கூடியது. அதை அட்டையில் எளிதாகக் கொண்டுவரலாம். மேலே ஓரத்தில் மூன்று வரிகள்: மொத்தம் மாறவில்லை, வித்தியாசம் மாறவில்லை, ஒருவருடையது மட்டும் மாறவில்லை. முதல் அட்டையிலிருந்தே ஒன்றை வட்டமிட வேண்டும், கதையில் எந்தச் சொல்லைப் பார்த்து அப்படி முடிவுசெய்தது என்று கோடிட வேண்டும். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தாலும், இந்த ஒரு கேள்வியை வீட்டில் அம்மாவோ தாத்தாவோ தமிழில் கேட்கலாம். "இதுல எது மாறாம இருக்கு?" என்று கேட்கக் கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஆறாம் அட்டையில் படி 1 மறையும்போது ஓரத்திலிருக்கும் அந்த மூன்று வரிகளும் போய்விட வேண்டும். "படி 1, படி 2" என்ற தலைப்புகளும் போக வேண்டும். காலியான வரிக்கு முன்னால் "மாற்றம்" என்று எழுதியிருந்தால் பாதி வேலையை அட்டையே செய்துவிடும். தலைப்போடு போடுகிற பிள்ளை, தேர்வுத் தாளில் வெறும் வெள்ளைப் பகுதியைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கட்டு முழுக்க மொத்தம் மாறாத கணக்குகளாகவே இருந்தால், படி 1-ஐ மறைத்தும் பயனில்லை. எப்போதும் விடை ஒன்றுதான், யோசிக்க என்ன இருக்கிறது? எனவே கடைசி ஐந்தாறு அட்டைகளில் வகைகளைக் கலக்க வேண்டும். அதுவும் தவறான முறைக்கும் முழு எண் விடை வரும்படி கலக்க வேண்டும். இதோ ஒன்று.

அருணிடமும் தங்கையிடமும் இருந்த பணத்தின் விகிதம் 5 : 1. தீபாவளிக்குப் பாட்டி ஆளுக்கு 18 வெள்ளி கொடுத்தார். இப்போது விகிதம் 2 : 1. அருணிடம் முதலில் எவ்வளவு இருந்தது?

முதல் அட்டையின் அதே 5 : 1, அதே 18. வேண்டுமென்றேதான். முந்தைய பழக்கத்தில் மொத்தத்தைச் சமமாக்கும் பிள்ளைக்கு 5 : 1, 4 : 2 என்று வரும். மாற்றம் ஒரு யூனிட், 18, விடை 90. எங்கும் பின்னம் வரவில்லை, எனவே தவறு என்று எண்கள் எச்சரிக்காது. ஆனால் பாட்டி வெளியிலிருந்து பணம் கொடுத்திருக்கிறார், மொத்தம் கூடிவிட்டது. இருவருக்கும் ஒரே தொகை கூடியதால் வித்தியாசம்தான் மாறவில்லை. முன்பு வித்தியாசம் 4 யூனிட், பின்பு 1. இரண்டாவதை நான்கால் பெருக்கினால் 8 : 4. அருணிடம் 5 யூனிட் 8 ஆனது, 3 யூனிட் 18, ஒரு யூனிட் 6, விடை 30. சரிபார்த்தால் 30 + 18 = 48, 6 + 18 = 24, விகிதம் 2 : 1. 90 என்று போட்ட பிள்ளை சரிபார்த்தால் 108 : 36, அதாவது 3 : 1 என்று வந்து தவறு தெரிந்துவிடும். சரிபார்ப்பு வரியை எந்த அட்டையிலும் அச்சிட்டுத் தராமல் பிள்ளையையே எழுதவைப்பது இதற்காகத்தான்.

பட்டை வரைபடத்தை, இங்கே எல்லாரும் மாடல் என்று சொல்வதை, எங்கே வைப்பது என்று கேட்பார்கள். 1980-களில் கோ டெக் ஹோங்கும் குழுவினரும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை அது, பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கம். முதல் இரண்டு அட்டைகளில் மாடலை முழுதாக வரைந்து கொடுக்கலாம். மாலாவின் 10 பெட்டிகளில் 3 பெட்டிகள் வெய் லிங்கின் பக்கம் நகர்வது படத்தில் தெரிந்தால், படி 3-இல் அந்த மாணவி செய்த தவறு குறையும். ஆனால் வரைபடமும் ஒரு படிதான், அதையும் மறைத்தாக வேண்டும். வரைந்து கொடுத்த மாடலோடு மட்டும் பழகிய பிள்ளைக்குப் பெட்டி எத்தனை போடுவது என்றே தெரியாது, ஏனென்றால் பெட்டி எண்ணிக்கையை முடிவுசெய்வது படி 2.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்த பெற்றோர் சிலர் இதை x வைத்துச் சொல்லித்தருவார்கள். 5(5x − 18) = 7(x + 18), 18x = 216, x = 12, மாலாவிடம் 60. ஒரு குறையும் இல்லாத முறை. ஆனால் பள்ளியில் யூனிட் முறையைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அட்டைக் கட்டின் நடுவில் இதை நுழைக்காதீர்கள். ஒரு கட்டுக்கு ஒரு முறை. படிகளின் எண்ணிக்கையும் வரிசையும் மாறினால் எந்தப் படி மறைந்திருக்கிறது என்பதே பிள்ளைக்குப் புலப்படாது.

இந்த அட்டைகள் எல்லாருக்கும் தேவையும் இல்லை. 2003-இல் கல்யூகா, ஏயர்ஸ், சாண்ட்லர், ஸ்வெல்லர் எழுதிய கட்டுரை, புதியவருக்கு உதவும் விளக்கம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு இடைஞ்சலாகவே ஆகலாம் என்று காட்டியது. முறை தெரிந்த பிள்ளை தன் வழியில் போய்க்கொண்டிருக்கும்போது அட்டையின் படிகளையும் படித்துப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது, அது கூடுதல் சுமை. எனவே நான் கட்டைத் தலைகீழாகத் தொடங்குகிறேன். முதலில் கடைசி அட்டை, வெறும் கேள்வி. போட்டுச் சரிபார்த்துவிட்டால் கலப்பு அட்டைகளுக்கு நேராகப் போகலாம். முடியாவிட்டால் எந்தப் படியில் நின்றது என்று பார்த்து, அந்தப் படி காலியாகவும் அதற்கு மேலே உள்ளவை தெரிகிற மாதிரியும் உள்ள அட்டையிலிருந்து தொடங்கலாம். 45 என்று எழுதிய பிள்ளை மொத்தம் மாறவில்லை என்பதையும் யூனிட்டைச் சமமாக்குவதையும் தாண்டிக் குதித்து நேராகக் கழித்திருக்கிறது, அதற்கு முதல் அட்டை வேண்டும். விகிதங்களைச் சரியாக 10 : 2, 7 : 5 என்று மாற்றிவிட்டு அங்கே நின்ற பிள்ளைக்கு நான்காவது போதும்.